சிறுகுறிஞ்சான் காப்ஸ்யூல் விற்பவர் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

கேள்வி: நாங்கள் சிறுகுறிஞ்சான் இலைக் காப்ஸ்யூல் தயாரித்து எங்கள் இணையதளத்திலும் இணையச் சந்தையிலும் விற்கிறோம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் இருக்கிறது. விவரத்தில் "சர்க்கரை நோய்க்கு" என்று எழுதியதால் சந்தை எங்கள் லிஸ்டிங்கை முடக்கிவிட்டது. அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் தேடலில் யார் கண்ணிலும் படுவதில்லை. சட்டத்துக்கு உட்பட்டும் எழுத வேண்டும், தேடுபவர்களுக்குக் கிடைக்கவும் வேண்டும். எப்படி எழுதுவது?

பதில்:

நோயின் பெயரைத் தேடி வருபவர்களை நீங்கள் விட்டுவிட வேண்டியதுதான். அதற்குப் பதிலாக, மூலிகையின் பெயரைத் தேடி வருபவர்கள் அத்தனை பேரையும் பிடிக்கும்படி பக்கத்தை எழுதலாம். பெரும்பாலான விற்பனையாளர்கள் இந்த இரண்டாவது வேலையைச் செய்வதே இல்லை. "நீரிழிவு", "சுகர்" ஆகிய சொற்களை நூறு இடத்தில் போட்டிருப்பார்கள். சிறுகுறிஞ்சான் என்ற பெயரை மக்கள் எத்தனை விதமாகத் தட்டச்சு செய்கிறார்கள் என்று ஒரு நாள்கூட யோசித்திருக்க மாட்டார்கள். முதலில் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

உங்கள் உரிமம் உணவுக்கான உரிமம். அதாவது சட்டத்தின் கண்ணில் அந்தக் காப்ஸ்யூல் உணவு, மருந்து அல்ல. அதனால்தான் புட்டியில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகத்தை அச்சிட்டிருக்கிறீர்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் கீழ் 2018இல் வந்த விளம்பரம் மற்றும் உரிமைகோரல் விதிமுறைகள், எந்த உணவும் ஒரு நோயைத் தடுக்கும், தணிக்கும், குணப்படுத்தும் என்று சொல்வதைத் தடைசெய்கின்றன. மருத்துவர்கள் பரிந்துரைப்பது என்று சொல்வதற்கும் அதே தடைதான். நோய் வரும் அபாயத்தைக் குறைக்கும் என்று சொல்ல ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆனால் அது கால்சியமும் எலும்பும் போன்ற, அட்டவணையில் ஏற்கப்பட்ட சில தொடர்புகளுக்கு மட்டும். அதற்கு வெளியே போக முன் அனுமதி வேண்டும். தவறான விளம்பரத்துக்கு அந்தச் சட்டத்தின் 53ஆம் பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது.

இதற்கு மேல் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபனைக்குரிய விளம்பரங்கள்) சட்டம் இருக்கிறது. அதன் அட்டவணையில் 54 நோய்களும் உடல் நிலைகளும் உள்ளன. நீரிழிவு, புற்றுநோய், ரத்த அழுத்தம், உடல் பருமன், சிறுநீரகக் கல், மாதவிடாய்க் கோளாறுகள், ஆண்மைக் குறைவு, ஏன், பொதுவாகக் "காய்ச்சல்" என்பதுகூட அதில் இருக்கிறது. இவற்றைக் கண்டறிய, குணப்படுத்த, தணிக்க, தடுக்க ஒரு பொருள் உதவும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. "என்னுடையது உணவுதானே, மருந்துச் சட்டம் எனக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்கத் தோன்றும். நோயைத் தீர்க்கவோ தணிக்கவோ பயன்படும் நோக்கமுள்ள எந்தப் பொருளையும் அந்தச் சட்டம் மருந்து என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. அந்த நோக்கத்தை வெளிப்படுத்துவது நீங்கள் எழுதும் வாசகம். அதே இலை, அதே புட்டி. "நீரிழிவுக்கு" என்று எழுதிய கணத்தில் உணவு உரிமத்தின் பாதுகாப்பு போய்விடுகிறது.

சிலர் இதற்கு வழியாகச் சித்த மருந்து உரிமம் வாங்கிவிடலாம் என்று ஆலோசனை சொல்வார்கள். அந்த உரிமத்துக்குத் தனிப் பயன்கள் உண்டு. ஆனால் 1954ஆம் ஆண்டுச் சட்டம் அங்கும் துரத்தி வரும். சொல்லப்போனால் அது முதலில் குறிவைப்பதே மருந்து விளம்பரங்களைத்தான். ஆகவே பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் "நீரிழிவைக் குணமாக்கும்" என்று எழுதுவதற்காக உரிமத்தை மாற்றுவதில் பொருளில்லை.

இனி ஒரு லிஸ்டிங்கை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். உங்களுடையதை நான் பார்க்கவில்லை. இந்தப் பொருளுக்கு வழக்கமாக எழுதப்படும் பாணியில் நானே எழுதியது இது:

"டயா கில் சிறுகுறிஞ்சான் காப்ஸ்யூல். சர்க்கரை நோயை வேரோடு அழிக்கும் சித்தர்களின் ரகசியம். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை குறைவதை நீங்களே பார்க்கலாம். பக்கவிளைவு இல்லாதது. மருத்துவர்கள் பரிந்துரைப்பது."

இரண்டாவது வாக்கியம் தவறு என்று எல்லோருக்கும் தெரியும். அதை நீக்கிவிட்டு மீதியை வைத்துக்கொள்வார்கள். ஆனால் நோயின் பெயர் இல்லாமலேயே மீதி எல்லாம் அதே வேலையைச் செய்கிறது. பெயரில் உள்ள "டயா" என்ற முன்னொட்டு எந்த நோயைச் சொல்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கணையம், இன்சுலின் என்று எழுதினால் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதாகிவிடுகிறது. மூன்று மாதச் சராசரி என்பது நோயாளிகள் ஆய்வகத்தில் எடுத்துக்கொள்ளும் பரிசோதனை. அது குறையும் என்றால் நோய் குறையும் என்றுதான் பொருள். மருத்துவர் பரிந்துரை என்பதை விதிமுறையே தடுக்கிறது. விரலில் ரத்தம் எடுக்கும் கருவியின் படத்தைப் போட்டால் ஒரு சொல்கூட இல்லாமல் இவை அனைத்தையும் சொன்னதாகிவிடும். அதிகாரி படத்தையும் சேர்த்தே படிப்பார்.

"பக்கவிளைவு இல்லாதது" என்ற வாசகத்தைத் தனியாகப் பேச வேண்டும். மற்றவை உங்களுக்கு ஆபத்து. இது வாங்குபவருக்கு ஆபத்து. இந்தப் பொருளை வாங்கிச் சாப்பிடுபவர்களில் பலர் ஏற்கெனவே சர்க்கரைக்கான மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள். அதனுடன் இதுவும் சேரும்போது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்க வாய்ப்பு உண்டு: வியர்வை, கை நடுக்கம், மயக்கம். பக்கவிளைவு இல்லை என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிடுபவரின் நிலை அதைவிட மோசம். ஆகவே இந்த வரியை நீக்குவது மட்டும் போதாது. அந்த இடத்தில் எச்சரிக்கை வர வேண்டும்.

எச்சரிக்கையில் நோயின் பெயரைச் சொல்லலாமா என்ற கேள்வி வரும். பாதுகாப்புக்காகச் சொல்வது வேறு, விற்பதற்காகச் சொல்வது வேறு. "ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்" என்று எச்சரிக்கைப் பகுதியில் ஒரு முறை, சாதாரண எழுத்தில் எழுதுவது சரி. அதையே தலைப்புக்குக் கீழே பெரிதாகப் போட்டு, "இன்சுலினுடன் சேர்த்துப் பயன்படுத்துங்கள்" என்று திருப்பினால் அது எச்சரிக்கையின் உடையில் வந்த விளம்பரம். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் பற்றியும் அதே பகுதியில் சொல்லிவிடுங்கள்.

சரி, மென்மையாக "ரத்தச் சர்க்கரையைச் சீராக வைக்க உதவும்" என்று எழுதலாமா? ஆங்கில லிஸ்டிங்குகளில் இந்த வகை வாசகம் நிறைய இருக்கிறது. அது அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம். அங்கே 1994ஆம் ஆண்டின் சட்டம், உடலின் அமைப்பையும் செயல்பாட்டையும் பற்றிப் பேசுவதை அனுமதித்து, நோயைப் பற்றிப் பேசுவதைத் தடுக்கிறது. எனவே "ஏற்கெனவே இயல்பான அளவில் உள்ளதை இயல்பாகவே வைத்திருக்க" என்று சுற்றி வளைத்து எழுதுகிறார்கள். கூடவே, இந்தக் கூற்றை அரசு மதிப்பிடவில்லை என்ற மறுப்பு வாசகமும் கட்டாயம். நம் விதிமுறையிலும் உடற்செயல் பற்றிய கூற்றுக்கு இடம் உண்டு. அதற்கான அறிவியல் ஆதாரம் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும், உங்கள் காப்ஸ்யூலில் உள்ள அளவுக்கே அது பொருந்த வேண்டும். ஆனால் தமிழில் எழுதும்போது எனக்கு இந்த வாசகத்தில் நம்பிக்கை இல்லை. "அவருக்குச் சர்க்கரை இருக்கிறது" என்றால் நாம் நோயைத்தான் சொல்கிறோம். சர்க்கரையைச் சீராக்கும் என்று தமிழில் படிப்பவர் நோயைச் சீராக்கும் என்றே படிக்கிறார். இந்த ஒரு மூலிகைக்கு அந்த வாசகத்தை முழுவதுமாக விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

அப்படியானால் என்ன மிஞ்சுகிறது? நிறையவே மிஞ்சுகிறது. சிறுகுறிஞ்சான் இலையை மென்று பார்த்திருப்பீர்கள். சிறிது நேரத்துக்கு நாக்கில் இனிப்பு தெரியாது. சர்க்கரையை வாயில் போட்டால் மணல் போல இருக்கும். இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரும் ஏற்பிகளை மறைப்பதால் இது நடக்கிறது. இது நோயைப் பற்றிய கூற்றே அல்ல. எவரும் சோதித்துப் பார்க்கக்கூடிய உண்மை. தேடுபவர்களும் இதைக் கேட்கிறார்கள்: "இனிப்பு தெரியாமல் செய்யும் இலை எது" என்று. ஒரு கவனம் வேண்டும். இந்த விளைவு இலையையோ தூளையோ நாக்கில் வைத்தால்தான் வரும். காப்ஸ்யூலை விழுங்கினால் வராது. ஆகவே அதை மூலிகையின் இயல்பாகச் சொல்லுங்கள், காப்ஸ்யூலின் பயனாகச் சொல்ல வேண்டாம்.

பக்கத்தைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்:

"சிறுகுறிஞ்சான் இலைக் காப்ஸ்யூல். ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் இலைத் தூள், 60 காப்ஸ்யூல்கள். சிறுகுறிஞ்சான், தென்னிந்தியக் காடுகளிலும் வேலிகளிலும் படரும் கொடி. இதன் இலையை மென்றால் சிறிது நேரம் இனிப்புச் சுவை தெரியாது. இலைகளை நிழலில் உலர்த்தி அரைக்கிறோம்; தண்டும் வேரும் சேர்ப்பதில்லை. சாறு இறக்கிச் செறிவூட்டியது அல்ல, முழு இலைத் தூள். காப்ஸ்யூல் உறை தாவரப் பொருளால் ஆனது. இது சிறியாநங்கை அல்ல. அது வேறு மூலிகை. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல."

இதன் கீழே உட்கொள்ளும் அளவு, அதைத் தாண்ட வேண்டாம் என்ற குறிப்பு, முன்பு சொன்ன எச்சரிக்கை, பதினான்கு இலக்க உரிம எண், தொகுதி வாரியான ஆய்வக அறிக்கை ஆகியவை வரட்டும். உட்கொள்ளும் அளவையும் மூலிகையின் பாகத்தையும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அட்டவணையுடன் ஒப்பிட்டு எழுதுங்கள். நிழலில் உலர்த்துகிறோம் என்பது உங்கள் ஆலையில் உண்மையானால் மட்டுமே எழுத வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "தூய", "இயற்கையான", "பாரம்பரிய" போன்ற அடைமொழிகளையும் 2018 விதிமுறைகள் நிபந்தனைகளோடுதான் அனுமதிக்கின்றன. அலங்காரத்துக்காகத் தூவ வேண்டாம்.

அந்தப் பத்தியில் தேடலுக்கான சொற்கள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். இலைத் தூள், செறிவூட்டிய சாறு, தாவர உறை, 500 மில்லிகிராம், இனிப்புச் சுவை, சிறியாநங்கை. கடைசிச் சொல் மிக முக்கியம். பெயர் ஒலி நெருக்கத்தாலும், இரண்டையும் ஒரே நோக்கத்துக்காகப் பலர் தேடுவதாலும், சிறியாநங்கைக்கும் சிறுகுறிஞ்சானுக்கும் குழப்பம் உண்டு. வேறுபாட்டை இரண்டு வரியில் விளக்கினால் வாசகருக்கும் உதவி, தேடலிலும் பக்கம் தென்படும்.

அடுத்தது மறைந்திருக்கும் புலங்கள். கண்ணுக்குத் தெரியும் பத்தியைச் சுத்தம் செய்துவிட்டு, சந்தையின் பின்புறத் தேடுசொல் பெட்டியில் "diabetes" என்று போட்டுவைப்பது பரவலாக நடக்கிறது. வாங்குபவருக்குத் தெரியாது, ஆனால் சந்தையின் தானியங்கிச் சோதனைக்கு அது பத்தியைப் போலவே தெரியும். சொந்த இணையதளத்திலும் பக்கத் தலைப்பு, மெட்டா விவரம், படத்தின் மாற்று உரை, பக்க முகவரி, படக் கோப்பின் பெயர் எல்லாம் விளம்பரத்தின் பகுதிகளே. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தன் எச்சரிக்கைக் கடிதங்களில் மெட்டா குறிச்சொற்களில் இருந்த நோய்ப் பெயர்களை எடுத்துக்காட்டியிருக்கிறது. வெளிநாட்டுத் தமிழர்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். இதில் வருத்தமான செய்தி, மெட்டா கீவேர்ட்ஸ் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. அங்கே நோயின் பெயரை எழுதினால் ஆபத்து மட்டும்தான் மிச்சம்.

அந்தப் பின்புறப் பெட்டியை நேர்மையாக நிரப்பினாலே போதும். சந்தைகள் அதை எழுத்துகளில் அல்ல, பைட்டுகளில் அளக்கின்றன. 200 அல்லது 250 பைட் என்பது வழக்கமான எல்லை, உங்கள் கணக்கில் காட்டுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் "சி" என்பது மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட். அந்தக் கணக்கில் "சிறுகுறிஞ்சான்" என்ற ஒரே சொல் 42 பைட் எடுத்துக்கொள்கிறது. எல்லையைத் தாண்டினால் சில இடங்களில் மீதியை மட்டும் வெட்டாமல் புலம் முழுவதையுமே கணக்கில் எடுக்க மாட்டார்கள். எனவே தலைப்பில் ஏற்கெனவே உள்ள சொற்களைத் திரும்பப் போடாமல், பெயரின் மாற்று வடிவங்களை மட்டும் வையுங்கள்:

```
தலைப்பு:
Sirukurinjan (Gymnema sylvestre) Leaf Powder Capsules, 500 mg, 60 Veg Capsules

பின்புறச் சொற்கள்:
sirukurinja sirukurunjan siru kurinjan gurmar gudmar meshasringi சிறுகுறிஞ்சா சிறுகுறிஞ்சான்
```

இரண்டாவது வரி இடைவெளிகளையும் சேர்த்து 144 பைட். வட இந்தியர்கள் குட்மார் என்றும் குர்மார் என்றும் தேடுவார்கள், நம்மவர்கள் ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள். எல்லாம் அதில் அடங்கிவிட்டது.

"சர்க்கரைக்கொல்லி" என்ற பெயரை ஏன் விட்டுவிட்டேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அது இந்தக் கொடிக்கு உண்மையாகவே வழங்கும் பெயர், அதைத் தேடுபவர்களும் நிறைய. நாக்கில் இனிப்பைக் கொல்வதால் வந்த பெயர் என்று வாதிடலாம். ஆனால் காப்ஸ்யூல் புட்டியின் தலைப்பில் அது நின்றால் படிப்பவர் மனத்தில் எழுவது நோய்தான். என் தீர்ப்பு: உங்கள் சொந்தத் தளத்தில், தாவரத்தின் வேறு பெயர்களைச் சொல்லும் வரியில், தாவரவியல் பெயருக்கு அருகில் ஒரு முறை வரலாம். தலைப்பிலும், பிராண்டிலும், பக்க முகவரியிலும், சந்தை லிஸ்டிங்கிலும் வேண்டாம். கண்டிப்பான அதிகாரி அந்த ஒரு முறையையும் கேள்வி கேட்கக்கூடும். அப்போது உடனே நீக்கும் மனத்தோடு வையுங்கள்.

லிஸ்டிங்குக்கு வெளியே நீங்கள் எழுதுவதும் கணக்கில் வரும். சந்தையின் கேள்வி-பதில் பகுதியில் "இது சுகருக்கு நல்லதா?" என்று ஒருவர் கேட்பார். "ஆம் ஐயா, மூன்று மாதம் சாப்பிடுங்கள்" என்ற பதிலோடு இதுவரை செய்த உழைப்பு வீணாகிவிடும். "இது உணவுப் பொருளாக உரிமம் பெற்றது, எந்த நோய்க்கும் சிகிச்சையாக நாங்கள் விற்பதில்லை. நீங்கள் மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்" என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் தானாக எழுதும் மதிப்புரைக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் "என் சர்க்கரை 280இலிருந்து 140க்கு வந்தது" என்ற மதிப்புரையைப் படமாக்கிப் பக்கத்தில் ஒட்டினால் அது உங்கள் விளம்பரம். வாட்ஸ்அப்பில் வைக்கும் பொருள் பட்டியலும் அப்படியே.

"நீரிழிவும் மூலிகைகளும்" என்று கட்டுரை எழுதி, அடியில் வாங்கும் பொத்தானை வைப்பதையும் பலர் செய்கிறார்கள். கட்டுரையும் பொத்தானும் ஒரே பக்கத்தில் இருந்தால் கட்டுரை முழுவதும் விளம்பரமாகிவிடும். ஒரு சொடுக்குத் தொலைவில் இருந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. கொடியை எப்படி அடையாளம் காண்பது, இலையை எப்படி உலர்த்துவது, இனிப்பு ஏன் தெரியாமல் போகிறது, தூளுக்கும் செறிவூட்டிய சாற்றுக்கும் என்ன வேறுபாடு என்று எழுதுங்கள். அவற்றிலிருந்து பொருள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பதில் தவறில்லை.

திருத்தம் முடிந்த பிறகு எச்சம் இருக்கிறதா என்று பார்க்க, தளத்தின் கோப்புகள் இருக்கும் இடத்தில் இதை இயக்குங்கள். தேடுபொறியில் என்ன பதிந்திருக்கிறது என்று பார்க்க, இரண்டாவது வரியில் example.in இருக்கும் இடத்தில் உங்கள் தளத்தின் பெயரைப் போட்டுத் தேடல் பெட்டியில் இடுங்கள்:

```
grep -rniE "diabet|sugar|insulin|சர்க்கரை|சுகர|நீரிழிவ|இன்சுலின" .
site:example.in நீரிழிவு
```

முதல் கட்டளை உங்கள் எச்சரிக்கை வரியையும் காட்டும், அது இருக்க வேண்டியது. மற்ற ஒவ்வொன்றையும் திறந்து படியுங்கள். விவரங்கள் தரவுத்தளத்தில் இருந்தால் அங்கும் தேட வேண்டும். படத்துக்குள் எழுதிய சொற்களை இது காட்டாது. அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், லிஸ்டிங்குகள் இரண்டாம் முறை முடங்குவது பெரும்பாலும் பழைய படங்களால்தான். பக்க முகவரியில் நோயின் பெயர் இருந்தால் புதிய முகவரிக்கு மாற்றி, பழையதிலிருந்து 301 வழிமாற்றம் கொடுங்கள். தேடலில் சேர்த்த மதிப்பு பெரும்பாலும் தங்கிவிடும்.

சில வாரங்களுக்கு சர்ச் கன்சோலில் மொத்தத் தோற்றங்கள் இறங்கும். பதற வேண்டாம், கூட்டிப் பார்க்காமல் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நோய்ப் பெயர் உள்ள தேடல்களில் விழுவது எதிர்பார்த்ததுதான். சிறுகுறிஞ்சான், ஜிம்னிமா, குர்மார் என்ற பெயர்கள் உள்ள தேடல்களில் தோற்றமும் சொடுக்கும் ஏறுகின்றனவா என்பதுதான் கணக்கு. அவையும் ஏறவில்லை என்றால் குறை சட்டத்தில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது: பெரும்பாலும் தலைப்பில் தமிழ்ப் பெயரோ தாவரவியல் பெயரோ விடுபட்டிருக்கும், அல்லது பெயர் படத்தில் மட்டும் இருந்து உரையில் இல்லாமல் இருக்கும்.

முடங்கிய லிஸ்டிங்குக்கு மேல்முறையீடு செய்யும்போது, பின்புறச் சொற்கள், படங்கள், கேள்வி-பதில் ஆகிய மூன்றையும் திருத்திய பிறகே அனுப்புங்கள். புட்டியின் லேபிள் படமும் உரிம நகலும் அதே பெயரையும் அதே அளவையும் காட்ட வேண்டும். லேபிளில் இன்னும் "டயா" போன்ற பழைய பெயர் இருந்தால், பக்கத்தை எவ்வளவு திருத்தினாலும் மறுபடி முடங்கும். முதலில் அந்த லேபிள்களை அச்சிடுவதை நிறுத்துங்கள்.